இரவில் லீடிங் காட்டும் பவர் ஃபேக்டர் மீட்டர்: தவறாக நிற்கும் கெபாசிட்டரைக் கண்டுபிடிப்பது எப்படி

பகல் முழுவதும் 0.99 காட்டிக்கொண்டிருந்த பவர் ஃபேக்டர் மீட்டர், இரவு ஷிப்ட் முடிந்து இயந்திரங்கள் நின்றதும் 0.13 லீடிங் என்று காட்டினால், புதிதாகப் பணியில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் மீட்டர் பழுது என்றே முடிவு செய்வார்கள். அனுபவப்பட்டவர்களிலும் சிலர், "லோடே இல்லாத நேரத்தில் அது எதைக் காட்டினால் என்ன" என்று விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் தவறாக முடியலாம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு நிலைமையை எடுத்துக்கொண்டு, அதை எப்படிச் சோதிப்பது, குற்றவாளி எந்த இடத்தில் இருக்கிறான், திருத்திய பின் எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

நாம் எடுத்துக்கொள்ளும் நெசவுக்கூடம்

உயர் அழுத்த இணைப்பு பெற்ற ஒரு நெசவுக்கூடம். 250 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர், தாழ்வழுத்தப் பக்கம் 433 வோல்ட். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தறிகள் ஓடுகின்றன. அப்போது லோடு 120 கிலோவாட், கெபாசிட்டர் இல்லாவிட்டால் பவர் ஃபேக்டர் 0.80 லேகிங். இரவு 10 முதல் காலை 6 வரை விளக்குகள், ஒரு சிறிய கம்ப்ரசர், அலுவலகக் கருவிகள் ஆகியவை மட்டும். லோடு 12 கிலோவாட், 0.85 லேகிங். கெபாசிட்டர் பேனலில் 25 கே.வி.ஏ.ஆர். கெபாசிட்டர்கள் நான்கு உள்ளன. நான்கும் 440 வோல்ட்டுக்குரியவை. அவற்றைச் சேர்ப்பதும் நீக்குவதும் தானியங்கி ரிலேயின் வேலை. எண்கள் கணக்குக்கு எளிதாக வட்டமாக்கப்பட்டவை. ஆனால் இந்த அளவு இணைப்புகளில் இவை வழக்கமாகக் காணக்கூடியவையே.

மோட்டார் தன் காந்தப்புலத்தை உருவாக்கிக்கொள்ள ரியாக்டிவ் மின்திறனை எடுக்கிறது. இதனால் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பிந்துகிறது. கெபாசிட்டரின் மின்னோட்டமோ மின்னழுத்தத்துக்கு முந்துகிறது, ஆகவே மோட்டார் கேட்பதைக் கெபாசிட்டர் அருகிலிருந்தே கொடுத்துவிடுகிறது. கேட்பதும் கொடுப்பதும் சமமாக இருக்கும்வரை மீட்டர் 1-ஐ ஒட்டி நிற்கும். கேட்பவர் போய்விட்ட பிறகும் கொடுப்பவர் நின்றால், மிச்சம் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக வெளியே தள்ளப்படுகிறது. அதைத்தான் மீட்டர் லீடிங் என்று சொல்கிறது.

பகலில் நம் கூடத்துக்குத் தேவை 120 × 0.75 = 90 கே.வி.ஏ.ஆர். கெபாசிட்டர் தரும் அளவு மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறுவதால், 440 வோல்ட்டுக்குரிய 100 கே.வி.ஏ.ஆர். பகலில் நிலவும் 415 வோல்ட்டில் 89 கே.வி.ஏ.ஆர். மட்டுமே தரும். தேவை 90, கிடைப்பது 89. ஆகவே பகலில் நான்கும் சேர்ந்திருப்பதே சரி, மீட்டரும் 0.99-க்கு மேல் காட்டும்.

இரவில் தேவை வெறும் 7.4 கே.வி.ஏ.ஆர். மின்னழுத்தம் 430 வோல்ட்டுக்கு ஏறியிருக்கும், ஆகவே நான்கும் அப்படியே நின்றால் 95.5 கே.வி.ஏ.ஆர். கிடைக்கும். மிச்சம் 88.1.

```
kVA = √(12² + 88.1²) = 88.9
PF  = 12 / 88.9 = 0.13 (lead)
I   = 88.9 × 1000 / (1.732 × 430) = 119 A
```

கடைசி வரியைக் கவனியுங்கள். பகலில் 120 கிலோவாட் ஓடும்போது மின்னோட்டம் சுமார் 167 ஆம்பியர். இரவில் 12 கிலோவாட்டுக்கு 119 ஆம்பியர். கெபாசிட்டரே இல்லாமல் இருந்திருந்தால் இரவு மின்னோட்டம் 19 ஆம்பியர்தான்.

முதலில் மீட்டரை நம்பலாமா என்று பாருங்கள்

முள் வைத்த பழைய பவர் ஃபேக்டர் மீட்டராக இருந்தால் ஒரு விஷயத்தை அறிந்திருக்க வேண்டும்: அதில் முள்ளைப் பூஜ்யத்துக்கு இழுக்கும் சுருள்வில் கிடையாது. மின்னோட்டம் இல்லாதபோது முள் எங்கே நின்றதோ அங்கேயே இருக்கும், அல்லது பேனல் அதிர்வுக்கு ஏற்ப நகரும். எனவே மிகக் குறைந்த மின்னோட்டத்தில் அது லீடிங் பக்கம் சாய்ந்திருப்பதற்கு எந்தப் பொருளும் இல்லை. டிஜிட்டல் மீட்டரானால், லீடிங்கை அது எப்படிக் குறிக்கிறது என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் எண்ணுக்கு முன் கழித்தல் குறி வரும், சிலவற்றில் `C` அல்லது `Cap` என்று வரும். கழித்தல் குறியை மட்டும் பார்த்துவிட்டு சி.டி. தலைகீழாக இருக்கிறது என்று முடிவு செய்து, சரியாக இருந்த இணைப்பைக் கழற்றியவர்களும் உண்டு.

உறுதியான சோதனை ஒன்றே. இரவில், லேசான லோடு ஓடும்போதே, பேனலில் உள்ள கெபாசிட்டர்கள் அனைத்தையும் நிறுத்துங்கள். மீட்டர் இப்போது லேகிங் காட்ட வேண்டும். நம் உதாரணத்தில் 0.85. காட்டினால் மீட்டர் சரி, இதுவரை காட்டிய லீடிங்கும் உண்மை. எல்லாம் நிறுத்திய பின்னும் லீடிங்கே காட்டினால், ஒரு மோட்டாரை வெறுமனே ஓடவிட்டுப் பாருங்கள். மோட்டார் சேர்ந்ததும் லீடிங் இன்னும் ஆழமாகப் போனால், மீட்டருக்கு வரும் மின்னழுத்தக் கட்டமும் சி.டி. கட்டமும் பொருந்தவில்லை என்று பொருள். மோட்டார் சேர்ந்ததும் லேகிங் பக்கம் திரும்பினால் மீட்டரில் குறையில்லை, வேறு எங்கோ கெபாசிட்டன்ஸ் இருக்கிறது. லேசான லோடில் ஓடும் பெரிய யு.பி.எஸ்., அதன் உள்ளீட்டு ஃபில்டரின் காரணமாக இப்படிக் காட்டச் செய்யும். யாருக்கும் நினைவில்லாத ஒரு கெபாசிட்டர் ஏதோ ஒரு மோட்டார் ஸ்டார்ட்டருக்குள் உட்கார்ந்திருப்பதும் உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

கிளாம்ப் மீட்டரைக் கொண்டு ஒவ்வொன்றாக நிறுத்துங்கள்

பவர் ஃபேக்டர் மீட்டரே இல்லாத இடத்திலும் செய்யக்கூடிய சோதனை இது. இன்கமரில் ஒரு கட்டத்தைச் சுற்றிக் கிளாம்ப் மீட்டரை மாட்டிவிட்டு, ரிலேயைக் கைமுறைக்கு மாற்றி, கெபாசிட்டர்களை ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். நம் கூடத்தில் இரவு வரும் அளவுகள் சுமாராக இப்படி இருக்கும்: நான்கும் இருக்கையில் 119 ஆம்பியர், மூன்றில் 88, இரண்டில் 57, ஒன்றில் 27, எதுவும் இல்லாதபோது 19.

கெபாசிட்டரை நிறுத்தினால் மின்னோட்டம் குறைகிறது என்றால், அந்தக் கெபாசிட்டர் அந்த நேரத்தில் வேண்டாதது. நிறுத்தினால் மின்னோட்டம் கூடுகிறது என்றால் அது தேவைப்பட்டது. பகலில் இதே சோதனையைச் செய்தால் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மின்னோட்டம் ஏறும். இரவில் ஒவ்வொன்றுக்கும் இறங்குகிறது. கடைசி 25 கே.வி.ஏ.ஆர். கூட இரவில் அதிகம் என்பதை 27-க்கும் 19-க்கும் உள்ள வேறுபாடு சொல்கிறது. இது பிறகு நமக்குப் பயன்படும்.

அதோடு ஒவ்வொரு கெபாசிட்டரின் சொந்த மின்னோட்டத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 25 கே.வி.ஏ.ஆர்., 430 வோல்ட்டில் 32 ஆம்பியர் எடுக்க வேண்டும், மூன்று கட்டங்களிலும் ஒரே அளவில். ரிலேயில் அந்தப் படியின் விளக்கு அணைந்திருக்கும்போதும் 32 ஆம்பியர் ஓடினால், கான்டாக்டரின் முனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. அந்தக் குறைக்கு மேற்கொண்டு ஆராய்ச்சி வேண்டாம். கான்டாக்டரை மாற்ற வேண்டும், அதுவும் சாதாரண மோட்டார் கான்டாக்டரால் அல்ல, தணிப்பு மின்தடைகள் பொருத்தப்பட்ட கெபாசிட்டர் கான்டாக்டரால்.

ஒரு எச்சரிக்கை. நிறுத்திய கெபாசிட்டரை உடனே மீண்டும் போடாதீர்கள். உள்ளே மின்னூட்டம் மிச்சமிருக்கும்போது மறுபடி இணைத்தால் பாயும் திடீர் மின்னோட்டம்தான் கான்டாக்டர் ஒட்டிக்கொள்வதற்கு ஒரு முக்கியக் காரணம். ரிலே தானாகவே காத்திருக்கும். கைமுறையில் அந்தப் பொறுப்பு உங்களுடையது. முனைகளைத் தொட வேண்டிய வேலையானால், மின்சாரத்தைத் துண்டித்து, குறைந்தது ஐந்து நிமிடம் விட்டு, வோல்ட்மீட்டரால் பார்த்து, முனைகளைக் குறுக்கிணைத்த பிறகே கை வையுங்கள்.

ரிலே சொல்வதையும் மெயின் மீட்டர் சொல்வதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

கான்டாக்டர்கள் நன்றாகவே இருக்கின்றன; ரிலேயின் நான்கு விளக்குகளும் எரிகின்றன; அதாவது ரிலேதான் நான்கையும் வேண்டுமென்றே பிடித்து வைத்திருக்கிறது. ஏன் என்பதற்கு ரிலேயின் திரையே விடை தரும். நம் கூடத்தில் இரவு 11 மணிக்கு மெயின் மீட்டர் 0.13 லீடிங் என்கிறது. அதே நிமிடத்தில் ரிலேயின் திரை 0.85 லேகிங் என்கிறது.

இந்த முரண்பாட்டைக் கண்டால், வேறெதையும் திறப்பதற்கு முன் ரிலேக்கு வரும் சி.டி. எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்று தேடிப்போங்கள். 0.85 என்பது கெபாசிட்டர் இல்லாத வெறும் லோடின் பவர் ஃபேக்டர். ஆகவே ரிலே பார்ப்பது லோடை மட்டுமே, கெபாசிட்டரை அது பார்க்கவே இல்லை. மெயின் பேனலை மாற்றும்போது, அல்லது கெபாசிட்டர் பேனலுக்குப் புதிய இடத்திலிருந்து கேபிள் இழுக்கும்போது, இந்தத் தவறு நுழைகிறது: கெபாசிட்டர் பேனல் இன்கமரின் பஸ்பாரிலிருந்து நேராக எடுக்கப்பட்டிருக்கும், சி.டி.யோ அதற்குப் பின்னால், எல்லா லோடுகளுக்கும் போகும் ஃபீடரில் பழையபடியே இருக்கும்.

இந்த நிலையில் ரிலேயின் நடத்தையை யோசித்துப் பாருங்கள். காலையில் தறிகள் ஓடத் தொடங்கியதும் 0.80 லேகிங் தெரிகிறது. ஒரு படியைச் சேர்க்கிறது. திரையில் மாற்றமில்லை, ஏனெனில் சேர்த்த கெபாசிட்டரின் மின்னோட்டம் அந்த சி.டி. வழியாக ஓடவே இல்லை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது என்று கையில் இருப்பதையெல்லாம் சேர்த்துவிடுகிறது. பகலுக்குத் தேவையும் தற்செயலாக நான்குதான் என்பதால், மெயின் மீட்டர் அழகாக 0.99 காட்டுகிறது. இரவில் தறிகள் நின்றதும் ரிலே பார்ப்பது 0.85 லேகிங், லீடிங் என்ற ஒன்றையே அது காணாததால், எந்தப் படியையும் நீக்குவதற்கு அதற்குக் காரணம் கிடைக்கவில்லை. குறை பகலில் மறைந்தும் இரவில் மட்டும் தலைகாட்டியும் வருவது இதனால்தான்.

மெயின் மீட்டரும் ரிலேயும் ஒன்றுபோலவே லீடிங் காட்டி, அப்போதும் ரிலே படிகளை நீக்காமல் இருந்தால், சி.டி. சரியான இடத்தில்தான் இருக்கிறது. ரிலே கைமுறையில் விடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பராமரிப்புக்காகக் கைமுறைக்கு மாற்றியவர் திரும்ப மாற்ற மறந்திருப்பார். வெட்கப்படும்படி எளிமையான காரணம். ஆனாலும் அடிக்கடி வருவது.

ரிலேயின் எல்லா விளக்குகளும் அணைந்து, எல்லாக் கான்டாக்டர்களும் விட்டிருந்தும் லீடிங் நீடித்தால், மோட்டார்களோடு இணைத்த கெபாசிட்டர்களைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் கான்டாக்டரின் வெளிப்பக்கத்தில், அதாவது மோட்டார் பக்கத்தில் இணைத்திருந்தால், மோட்டார் நிற்கும்போது கெபாசிட்டரும் நிற்கும். வருகைப் பக்கத்தில் இணைத்திருந்தால் மோட்டார் நின்றாலும் அது 24 மணி நேரமும் உயிரோடு இருக்கும். போர்வெல் பம்பு ஸ்டார்ட்டர்களில் இதைத் தேடுங்கள்.

சி.டி.யை இடம் மாற்றுதல்

ரிலேயின் சி.டி., லோடும் கெபாசிட்டரும் சேர்ந்த மொத்த மின்னோட்டத்தைப் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் கேபிளில், கெபாசிட்டர் பேனலுக்கான கிளை பிரியும் இடத்துக்கு முன்னால் என்பதே அதன் பொருள். சி.டி.யின் `P1` முகம் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் பார்க்க வேண்டும்.

இந்த வேலையை லைன் ஓடும்போது செய்யாதீர்கள். ஓடும் சி.டி.யின் இரண்டாம்சுற்று வயரைக் கழற்றினால், அதன் முனைகளில் உயிருக்கே ஆபத்தான மின்னழுத்தம் எழும். தவிர்க்கவே முடியாத சூழலில்கூட, `S1`, `S2` முனைகளைக் குறுக்கிணைத்த பிறகுதான் ரிலேயிலிருந்து வயரைப் பிரிக்க வேண்டும்.

பெரும்பாலான ரிலேக்கள் சி.டி. ஒரு கட்டத்திலும், மின்னழுத்தம் மற்ற இரண்டு கட்டங்களுக்கு இடையிலும் இருப்பதை எதிர்பார்க்கும். சி.டி. `R` கட்டத்தில் இருந்தால் மின்னழுத்தம் `Y`, `B` இவற்றிலிருந்து வர வேண்டும். புதிய இடத்தில் மாட்டும்போது பழைய கட்டத்தையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் ரிலே 1-க்குப் பதில் அர்த்தமில்லாத ஓர் எண்ணைக் காட்டி, தன் போக்கில் படிகளைப் போட்டு எடுத்துக்கொண்டிருக்கும்.

மாட்டிய பின் சோதனை: எல்லாப் படிகளும் நீங்கிய நிலையில் ரிலேயும் மெயின் மீட்டரும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஒரு படியைக் கைமுறையில் சேர்த்ததும் இரண்டும் ஒன்றாக நகர வேண்டும். மெயின் மீட்டர் நகர்ந்து ரிலே நகரவில்லை என்றால், சி.டி. இன்னமும் தவறான இடத்தில் இருக்கிறது.

மிகச்சிறிய படி எவ்வளவு இருக்க வேண்டும்

சி.டி.யை மாற்றியதும் இரவில் ரிலே நான்கையும் நீக்கிவிடும். மீட்டர் 0.85 லேகிங்கில் நிற்கும். புதியவர்கள் இங்கே ரிலேயின் உணர்திறன் அமைப்பைக் குறைத்து, எப்படியாவது ஒரு படியைச் சேர்க்க வைக்க முயல்வார்கள். சேர்த்தால் 16.5 கே.வி.ஏ.ஆர். மிஞ்சி 0.59 லீடிங் ஆகும், ரிலே அதை நீக்கும், மறுபடி லேகிங், மறுபடி சேர்க்கும். இரவு முழுவதும் கான்டாக்டர் தட்டிக்கொண்டே இருந்து சில மாதங்களில் ஒட்டிக்கொள்ளும்.

இந்த உணர்திறன் அமைப்புக்கு `C/k` என்று பெயர். மிகச்சிறிய படியின் அளவில் சுமார் 62 விழுக்காடு ரியாக்டிவ் தேவை எழுந்தால்தான் ரிலே அசைய வேண்டும் என்பது அதன் கருத்து.

```
C/k = 0.62 × Q × 1000 / (1.732 × V × k)
```

`Q` மிகச்சிறிய படி, `V` மின்னழுத்தம், இங்கே 415, `k` சி.டி. விகிதம். 400/5 சி.டி.க்கு `k` 80. மிகச்சிறிய படி 25 ஆனால் விடை 0.27, 5 ஆனால் 0.054. புதிய ரிலேக்கள் சிலவற்றில் படியின் அளவையும் சி.டி. விகிதத்தையும் கொடுத்தால் அதுவே கணக்கிட்டுக்கொள்ளும்.

சரியான தீர்வு படியைச் சிறிதாக்குவது. நான்கு 25-களில் ஒன்றை எடுத்துவிட்டு 5, 7.5, 12.5 என்று மூன்றாகப் பிரியுங்கள், மொத்தம் மாறாது. இரவில் 7.4 தேவைக்கு 5-இன் படி மட்டும் சேரும். 430 வோல்ட்டில் அது 4.8 கே.வி.ஏ.ஆர். தரும். மிச்சம் 2.6 லேகிங், பவர் ஃபேக்டர் 0.98. மிச்சம் 62 விழுக்காட்டு எல்லைக்குக் கீழே இருப்பதால் ரிலேயும் அமைதியாக இருக்கும். மூன்று புதிய படிகளின் அளவையும் ரிலேயில் சரியாகப் பதிய மறக்காதீர்கள். 5 இருக்கும் இடத்தில் 25 என்று பழைய பதிவு இருந்தால், 15.5 கே.வி.ஏ.ஆர். தேவை எழும்வரை ரிலே அசையாது, இரவில் மீட்டர் 0.85 லேகிங்கிலேயே நிற்கும்.

மின் கட்டணத்துக்கான மீட்டர் உயர் அழுத்தப் பக்கம் இருப்பதால் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் தன் காந்தப்புலத்துக்காகச் சுமார் 4 கே.வி.ஏ.ஆர். எப்போதும் எடுத்துக்கொண்டிருக்கும்; தாழ்வழுத்தப் பக்கத்து ரிலேக்கு அது தெரியாது. டிரான்ஸ்ஃபார்மரின் தாழ்வழுத்த முனைகளில், ரிலேயின் சி.டி.க்கு முன்னால், நிரந்தரமாக ஒரு 5 கே.வி.ஏ.ஆர். கெபாசிட்டர் வைப்பது இதற்காகத்தான். நிரந்தரக் கெபாசிட்டர் என்றாலே தவறு என்பதல்ல. டிரான்ஸ்ஃபார்மரின் தேவைக்கு மேல் 25, 50 என்று நிரந்தரமாக வைப்பதுதான் இரவில் லீடிங்கைக் கொண்டுவருகிறது.

பில்லில் இது தெரிகிறதா

லீடிங் நேரத்தை எல்லா மீட்டர்களும் ஒரே மாதிரி எண்ணுவதில்லை. சில, லீடிங்கை 1 என்றே வைத்து `kVAh`-ஐ `kWh`-க்குச் சமமாக ஏற்றும். சில, லேகிங் போலவே லீடிங்கையும் முழுதாக எண்ணும். உங்களுடையது எந்த வகை என்பதை, திருத்துவதற்கு முன் ஓர் இரவில் அறியலாம். இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் மீட்டரில் `kWh`, `kVAh` இரண்டையும் குறித்து, வேறுபாட்டைப் பாருங்கள். நம் கூடத்தில் 8 மணி நேரத்துக்கு `kWh` 96. `kVAh`-உம் ஏறத்தாழ அதே அளவு வந்தால் லீடிங் எண்ணப்படவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் எடுத்துக்கொள்ளும் 4 கே.வி.ஏ.ஆர். போக, சுமார் 680 வந்தால் முழுதாக எண்ணப்படுகிறது.

இரண்டாவது வகையானால் கணக்கு கசக்கும். பகலின் 16 மணி நேரத்தில் 1,920 `kWh`, 1,924 `kVAh`. இரவையும் சேர்த்தால் 2,016-ஐ 2,604-ஆல் வகுக்க வேண்டும். நாளின் சராசரி 0.77. பகல் முழுவதும் 0.99 பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த 0.77 எங்கிருந்து வந்தது என்று புரியாது. அப்போது இன்னும் ஒரு கெபாசிட்டர் வாங்கிப் போடுங்கள் என்று ஆலோசனை சொல்பவர்களும் வருவார்கள்.

முதல் வகையானால் பில்லில் இழப்பு தெரியாது. ஆனாலும் கேபிளில் இரவெல்லாம் 119 ஆம்பியர் ஓடுவது நிற்காது. டிரான்ஸ்ஃபார்மரின் உள்மறிப்பு 4.5 விழுக்காடு என்றால், இந்தக் கெபாசிட்டர்கள் மட்டுமே இரவு மின்னழுத்தத்தைச் சுமார் 7 வோல்ட் உயர்த்துகின்றன. ஏற்கெனவே உயர்ந்திருக்கும் மின்னழுத்தத்தின் மேல் இந்த 7 வோல்ட் ஏறும்போது, கெபாசிட்டர்களின் ஆயுளும் விளக்குகளின் ஆயுளும் குறைகின்றன.

ஜெனரேட்டர் ஓடும் நேரம்

இதை மட்டும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இரவில் மின்சாரம் நின்று, 12 கிலோவாட் லோடோடு ஜெனரேட்டர் ஓடும்போது நான்கு கெபாசிட்டர்களும் அதன் தலையில் விழுந்தால், ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தச் சீராக்கி தன் பிடியை இழக்கும். லீடிங் மின்னோட்டமே அதன் காந்தப்புலத்தை ஏற்றிவிடுவதால், மின்னழுத்தம் கட்டுப்பாடில்லாமல் உயர்ந்து கருவிகளை எரிக்கக்கூடும். ஜெனரேட்டர் பிரேக்கர் சேர்ந்தால் கெபாசிட்டர் பேனலின் கட்டுப்பாட்டு மின்சாரம் துண்டிக்கப்படும்படி, பிரேக்கரின் துணை முனை வழியாக ஓர் இன்டர்லாக் வயரை இழுத்துவிடுங்கள். பின்பு, கெபாசிட்டர் ரிலேயில் விளக்குகள் எரிகின்ற ஒரு நேரத்தில் ஜெனரேட்டரை ஓடவிட்டு, எல்லாக் கான்டாக்டர்களும் விடுவதைக் கண்ணால் பாருங்கள். ஒட்டிக்கொண்ட கான்டாக்டர் இந்த இன்டர்லாக்குக்கும் கட்டுப்படாது என்பதால், கிளாம்ப் மீட்டரால் ஒவ்வொரு படியின் மின்னோட்டமும் பூஜ்யம் என்பதையும் அப்போதே அளந்து, பேனல் கதவின் உட்புறம் தேதியோடு எழுதி ஒட்டுங்கள்.